விதைத்தது போக மிஞ்சிய உருளைக்கிழங்கு: முளை, பச்சை, சீவினால் போதுமா?

கேள்வி: "கோத்தகிரிப் பக்கம் இருக்கிற பெரியப்பா வீட்டிலிருந்து அரை மூட்டை உருளைக்கிழங்கு வந்தது, விதைச்சது போக மிச்சமாம். இப்போ பாதிக்கு மேல முளை விட்டிருக்கு, சிலதுல பச்சை பச்சையா இருக்கு. மாமியார் முளையைக் கிள்ளிட்டு பச்சையைச் சீவிட்டு சமைக்கலாம், நாங்க காலம் காலமா அப்படித்தான் செய்றோம்னு சொல்றாங்க. நெட்ல விஷம்னு போட்டிருக்கு. எது சரி? வீட்டுல நாலு வயசுக் குழந்தை இருக்கு."

கடையில் வாங்கிய கிழங்காக இருந்தால் உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. முளை மட்டும் விட்ட, கல் மாதிரி கெட்டியான, பச்சை இல்லாத கிழங்கை முளையையும் கண்ணையும் தோண்டி எடுத்துவிட்டுச் சமைக்கலாம். பச்சை ஏறியதைப் பெரியவர்கள் வேண்டுமானால் ஓரளவு சீவிச் சாப்பிடலாம், குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் கேள்வியில் "விதைச்சது போக மிச்சம்" என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை இருக்கிறது. இதற்கு முன் பதில் எழுதிய யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு முதலில் கண்ணில் பட்டதே அதுதான். விவசாயம் படித்துவிட்டு இந்த மலையில் காய்கறிக் காட்டிலும் கிழங்கு தரம் பிரிக்கும் கொட்டகையிலும் பல வருஷம் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பெரியப்பாவிடம் போனில் ஒரு வார்த்தை கேட்கும்வரை அந்த மூட்டையில் கை வைக்காதீர்கள்.

ஏன் என்று சொல்வதற்கு முன், அந்த நஞ்சு என்ன என்பதைப் பார்த்துவிடலாம். உருளைச் செடி தன்னைப் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்துக்கொள்ள கிளைக்கோ ஆல்கலாய்டு என்ற வகைப் பொருட்களைத் தயாரிக்கிறது. அதில் பெரும்பகுதி இரண்டுதான், சோலனைன், சாக்கோனைன். இலை, பூ, காய், முளை எல்லாவற்றிலும் இது நிறைய இருக்கும், கிழங்கின் சதையில் மிகக் குறைவு. நல்ல கிழங்கில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழேதான் பெரும்பாலும் இருக்கும், 200 மில்லிகிராமைத் தாண்டினால் சாப்பாட்டுக்கு ஆகாது என்பது உலகம் முழுக்கப் பரவலாகக் கடைப்பிடிக்கும் அளவு. முளையில் இதுவே கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் போகும். உடம்புக்குள் போனால் இரண்டு வேலை செய்கிறது. குடலின் உள்சுவர் செல்களின் சவ்வைக் குலைக்கிறது, வாந்தியும் வயிற்றுப்போக்கும் அதனால்தான். அளவு கூடினால் நரம்புச் செய்தியை நிறுத்த வேண்டிய ஒரு நொதியையும் தடுக்கிறது, தலைச்சுற்றல், மயக்கம், குழப்பம் எல்லாம் அப்போதுதான் வரும்.

இங்கே நிறையப் பேர் குழம்புகிற இடம் அந்தப் பச்சை நிறம். பச்சை என்பது இலையில் இருக்கும் அதே பச்சையம்தான், அதைத் தின்றால் ஒன்றும் ஆகாது. கிழங்கின்மேல் வெளிச்சம் பட்டால் பச்சையமும் உருவாகிறது, கூடவே சோலனைனும் ஏறுகிறது. இரண்டையும் கிளப்பிவிடுவது வெளிச்சம், ஆனால் இரண்டும் தனித்தனி வேலைகள், ஒரே வேகத்தில் நடப்பதும் இல்லை. அதனால் பச்சையை வாசலில் குரைக்கிற நாய் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்: குரைத்தால் எழுந்து பார்க்க வேண்டும், குரைக்கவில்லை என்பதற்காகத் திருடன் வரவில்லை என்று அர்த்தம் இல்லை. அறுவடையில் அடிபட்டு நசுங்கிய கிழங்கு, வெட்டுக்காயம் பட்ட கிழங்கு, ரொம்ப நாள் கிடந்து முளைத்த கிழங்கு இவற்றிலெல்லாம் துளி பச்சை இல்லாமலே நஞ்சு கூடியிருக்கலாம். இன்னொன்று, பச்சை ஏறியதை எடுத்து இருட்டில் போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நாள் போகப்போக நிறம் கொஞ்சம் மங்கலாம், ஏறிய நஞ்சு அப்படியேதான் இருக்கும்.

சரி, இப்போது விதைக்கிழங்குக்கு வருவோம். மலையில் விதைக்கு எடுத்து வைக்கிற கிழங்கைச் சாப்பாட்டுக் கிழங்கு மாதிரி இருட்டில் வைப்பதில்லை. நேர் வெயில் படாமல், ஆனால் வெளிச்சம் வருகிற கொட்டகையில் மெல்லிய அடுக்காகப் பரப்பி வைப்போம். அப்படி வைத்தால்தான் முளை நூல் மாதிரி நீண்டு வெளுத்துப் போகாமல், குட்டையாக, தடியாக, பச்சையும் ஊதாவும் கலந்து வரும். அந்த மாதிரி முளைதான் நடும்போது ஒடியாது, நிலத்தில் சட்டென்று வேர் பிடிக்கும். அதாவது விதைக்கு நல்லது என்று நாங்கள் பார்த்துப் பார்த்துச் செய்வது எல்லாமே சாப்பிடுகிறவருக்கு நேர் எதிர். வேண்டுமென்றே வெளிச்சத்தில் வைத்து, வேண்டுமென்றே முளைக்க வைத்த கிழங்கு அது.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. அறுவடை செய்த கிழங்கு கொஞ்ச காலம் உறங்கும், உடனே முளைக்காது. நீலகிரியில் நீர்ப்போகம், கார்போகம், கடைப்போகம் என்று ஒன்று முடிந்து ஒன்று வருவதால், ஒரு போகத்தில் எடுத்த விதை அடுத்த போகத்துக்குத் தானாக முளைக்கக் காத்திருக்க முடியாத நிலை வரும். அப்போது உறக்கத்தைக் கலைக்க 100 கிலோ விதைக்கு 30 கிராம் கார்பன் டைசல்பைடு வைத்து மூடிப் புகையூட்டுவது இங்கே பரிந்துரைக்கப்பட்ட முறை. நோய் வராமலிருக்க மான்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்கி எடுப்பவர்களும் உண்டு. உங்கள் பெரியப்பா இதையெல்லாம் செய்தாரா இல்லையா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் போன் போட்டுக் கேளுங்கள் என்கிறேன். "மருந்து வெச்சீங்களா, முக்கி எடுத்தீங்களா" என்று கேட்டால் போதும், அவருக்குப் புரியும். ஆமாம் என்றால் அந்த மூட்டையில் ஒரு கிழங்குகூட அடுப்படிக்கு வரக்கூடாது, கழுவினாலும் சீவினாலும் சரி. விதைக்கு என்று தயாரித்ததற்குச் சாப்பாட்டுப் பொருளின் கணக்கு பொருந்தாது, பேச்சு அங்கேயே முடிந்தது.

அவர் "மருந்தெல்லாம் ஒண்ணும் இல்ல, சும்மா எடுத்து வெச்சதுதான்" என்று சொன்னால், மூட்டையை வெளியே கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் ஒரு சாக்கின்மேல் கொட்டிப் பிரியுங்கள். டியூப்லைட்டில் லேசான பச்சை தெரியாது, மண் ஒட்டியிருந்தால் சுத்தமாகத் தெரியாது, எனவே சந்தேகப்படுகிறதை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். விதைக்குப் பொறுக்கிய கிழங்கு பெரும்பாலும் 40, 50 கிராம் அளவில், கோழிமுட்டை சைஸில் இருக்கும். இந்தச் சின்ன சைஸே உங்களுக்குப் பாதகம். நஞ்சு தோலிலும் தோலுக்கு அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் கனத்திலும்தான் அதிகம் குவிகிறது. பெரிய கிழங்கில் அந்த மேல் அடுக்கு மொத்த எடையில் சின்னப் பங்கு, முட்டை சைஸ் கிழங்கில் அதுவே பெரிய பங்கு.

கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்காமல் கெட்டியாக இருந்து, கண்ணில் வெள்ளையாக அரிசி அளவு மொட்டு மட்டும் கிளம்பியிருந்தால் அது நல்ல கிழங்குதான். முளை விட்டதால் முழுக் கிழங்கும் விஷமாகிவிட்டது என்று நெட்டில் போடுவது மிகை. முளையிலும் அதன் அடியிலிருக்கும் கண்ணைச் சுற்றியும்தான் குவியல், கெட்டியாக இருக்கும் கிழங்கின் நடுச்சதைக்கு அது பெரிதாக இறங்குவதில்லை. ஆனால் விரலால் கிள்ளினால் போதாது, கிள்ளும்போது முளை ஒடிந்து அதன் அடிக்கட்டை கண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். கத்தி முனையைச் சாய்த்து வைத்துக் கண்ணைச் சுற்றி ஒரு சுற்று சுற்றினால் கூம்பு மாதிரி ஒரு துண்டு கழன்று வரும், கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் ஆழம் போகட்டும். முளை விரல் நீளத்துக்கு வந்து, கிழங்கு சுருங்கி, அழுத்தினால் தொளதொளவென்று இருந்தால் பச்சை இல்லாவிட்டாலும் தூக்கிப் போடுங்கள். தோண்டி எடுக்க வேண்டிய கண்கள் நிறைய இருந்தாலும் அப்படித்தான், எட்டுக் கண்ணைத் தோண்டிய பிறகு முட்டை சைஸ் கிழங்கில் என்ன மிஞ்சும்?

பச்சை ஏறியதில்தான் "சீவினால் போதுமா" என்ற கேள்விக்கு உண்மையான வேலை இருக்கிறது. சீவுவது உதவும், அதில் சந்தேகமே இல்லை. எவ்வளவு உதவும் என்பதுதான் ஆளுக்கு ஆள், கிழங்குக்குக் கிழங்கு மாறுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் இதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தபோது, தோல் சீவுவதால் நஞ்சு கால் பங்கிலிருந்து முக்கால் பங்குவரை குறைகிறது என்று கண்டது. எவ்வளவு பெரிய இடைவெளி பாருங்கள். காரணம், நஞ்சு குறைவாக இருக்கும் கிழங்கில் பெரும்பகுதி தோலோடு போய்விடும், அதிகமாக ஏறிய கிழங்கில் அது உள்சதைக்கும் இறங்கியிருக்கும்.

அதே ஆணையம், ஒரு கிலோ உடல் எடைக்கு 1 மில்லிகிராம் உள்ளே போனாலே சிலருக்கு வயிற்றுக் கோளாறு வரலாம் என்று சொல்கிறது. இதை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். நாலு வயசுக் குழந்தை 15 கிலோ என்று வைத்துக்கொண்டால் எல்லை 15 மில்லிகிராம். கிலோவுக்கு 50 மில்லிகிராம் இருக்கும் நல்ல கிழங்கில் 100 கிராம் சாப்பிட்டால் 5 மில்லிகிராம்தான் போகும், கவலையே இல்லை. வெளிச்சத்தில் கிடந்து கிலோவுக்கு 300 ஆகிவிட்ட கிழங்கு என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதே 100 கிராமில் 30 மில்லிகிராம், அதாவது எல்லையைப்போல இரண்டு மடங்கு. நன்றாகச் சீவி பாதியைக் குறைத்துவிட்டீர்கள் என்றாலும் 15, குழந்தை இன்னும் எல்லைக் கோட்டின்மேலேயே நிற்கிறது. அதையே 60 கிலோ இருக்கும் உங்கள் மாமியார் சாப்பிட்டால் அவருடைய எல்லை 60, சீவிய கிழங்கு 100 கிராமில் போவது 15. காலம் காலமாகச் செய்தோம், ஒன்றும் ஆகவில்லை என்று அவர் சொல்வது பொய் இல்லை. அவருடைய எடைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டு பேரும் ஒரே குழம்பைச் சாப்பிட்டாலும் இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு இல்லை, அவ்வளவுதான்.

இதை வைத்து நான் கடைப்பிடிப்பது இது: பச்சை ஒரு பக்கத்தில் நாணய அளவுக்கு இருந்தால், அந்த இடத்தில் தோலோடு மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குச் செதுக்கிவிட்டு வெட்டின முகத்தைப் பார்ப்பேன். சதை வெள்ளையாகவோ இளமஞ்சளாகவோ இருந்தால் மீதியைத் தோல் சீவி எங்களுக்கு வைத்துக்கொள்வோம். வெட்டின பிறகும் தோலுக்கு அடியில் பச்சைக் கோடு ஓடினால், அல்லது கிழங்கின் பாதிக்குமேல் பச்சை பரவியிருந்தால், சீவிக்கொண்டு உட்காருவதில் அர்த்தமே இல்லை. குழந்தைக்கு நாணய அளவு பச்சை இருந்ததும் கிடையாது. பிரிட்டன் மாதிரி சில நாடுகளில் பச்சை இருந்தாலே எறியுங்கள் என்கிறார்கள், அமெரிக்காவில் வெட்டி எடுத்துவிட்டுச் சாப்பிடலாம் என்கிறார்கள். விஞ்ஞானத்தில் சண்டை எதுவும் இல்லை, எவ்வளவு ஜாக்கிரதை போதும் என்பதில்தான் வித்தியாசம்.

நன்றாக வேகவைத்தால் போய்விடாதா என்று அடுத்து கேட்பீர்கள். போகாது. சோலனைன் உடைய ஆரம்பிக்கவே 170 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும், குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் 120ஐத் தாண்டாது. வெறும் தண்ணீரில் அது லேசில் கரையாது என்பதால் ஊற வைப்பதும் பெரிய உதவி இல்லை. வேகவைக்கும் தண்ணீரில் கொஞ்சம் இறங்கும், அதையும் பலர் குழம்பிலேயே சேர்த்துவிடுகிறோம். பொரிக்கும்போது குறைவதாக ஆய்வுகளில் இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்பது ஒவ்வொரு ஆய்விலும் ஒவ்வொரு மாதிரி, எனவே அதை நம்பிச் சமைக்க வேண்டாம். சந்தேகமான கிழங்கைத் தோலோடு அவித்து உரிப்பதைவிட, முதலிலேயே சீவிவிட்டு வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவது நல்லது. மலையில் புதுக்கிழங்கைத் தோலோடு அவித்து உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்பது வழக்கம், அது அன்று தோண்டிய கிழங்கு, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

நிஜமாகவே யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா என்றால், ஆகியிருக்கிறது. பரவலாக அறியப்பட்ட சம்பவம் 1969இல் லண்டனில் ஒரு ஆண்கள் பள்ளியில் நடந்தது. கோடை விடுமுறைக்கு முன் வாங்கி மிஞ்சிப்போன ஒரு மூட்டைக் கிழங்கை, விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு வேகவைத்துப் போட்டார்கள். 78 மாணவர்கள் படுத்துவிட்டார்கள், 17 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது, சிலர் சுயநினைவு தவறும் அளவுக்குப் போனார்கள், கடைசியில் எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். நான் இதில் கவனிக்கச் சொல்வது நேரத்தை. சாப்பிட்ட உடனே யாருக்கும் வரவில்லை, ஏழு மணி நேரத்திலிருந்து பத்தொன்பது மணி நேரம் கழித்துத்தான் வந்தது. மதியம் கிழங்கு மசியல் சாப்பிட்டுவிட்டு நடுராத்திரி வாந்தி எடுத்தால் யாராவது கிழங்கைச் சந்தேகப்படுவார்களா? இரவு சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்போம், தண்ணீரைக் குறை சொல்வோம். லேசாக வருவதெல்லாம் கணக்கில் வராமலே போவதற்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டிலேயே அளந்து பார்க்க வழி கிடையாது, ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். இருக்கிற ஒரே கருவி நாக்கு. நஞ்சு கூடிய கிழங்கு கசக்கும், இன்னும் கூடினால் விழுங்கும்போது தொண்டையில் காரம் மாதிரி ஒரு எரிச்சல் தெரியும், மிளகாய் போடாத கிழங்கிலும். அப்படித் தெரிந்தால் வாயில் இருப்பதைத் துப்பிவிட்டு சட்டியோடு கொட்டுங்கள், ஆக்கியாச்சே என்று பார்க்க வேண்டாம். ஆனால் நம் சமையலில் புளி, மிளகாய், மசாலாவுக்கு நடுவில் கசப்பு அமுங்கிவிடும், குழந்தையோ "பிடிக்கல" என்று மட்டும்தான் சொல்லும். எனவே சந்தேகம் இருந்தால் மசாலா போடுமுன் வெறுமனே வெந்த ஒரு துண்டைப் பெரியவர் ஒருவர் கடித்துப் பாருங்கள், குழந்தை வேண்டாம் என்று தள்ளினால் ஊட்டிவிடாதீர்கள். கர்ப்பிணிகள் பற்றியும் யாரோ கேட்டிருந்தார்கள். அழுகல் நோய் வந்த கிழங்கால் குழந்தைக்குப் பிறவிக் குறை வரும் என்று 1972இல் பிரிட்டனில் ஒருவர் ஒரு கருத்து சொன்னார், பிறகு வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்யவில்லை. பயப்பட வேண்டாம், பச்சையானதை விலக்கினால் போதும்.

ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டு வாந்தி, வயிற்றுவலி, பேதி வந்தால் பெரும்பாலும் ஓரிரண்டு நாளில் அடங்கிவிடும், தண்ணீர்ச்சத்து குறையாமல் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முறிவு மருந்து என்று தனியாக எதுவும் இல்லை, வாந்தி வரவழைக்கிறேன் என்று குழந்தையின் தொண்டையில் விரலை விடாதீர்கள். குழந்தை தூங்கித் தூங்கி விழுந்தால், சம்பந்தமில்லாமல் பேசினால், சிறுநீர் போகாமலிருந்தால், காய்ச்சலோடு வாந்தி நிற்காமலிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு. போகும்போது கிழங்கில் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள், டாக்டர் கேட்க மாட்டார், நீங்களே காட்டுங்கள். விதைக்கிழங்கு என்பதையும் மருந்து வைத்திருந்தால் அதன் பேரையும் கட்டாயம் சொல்லுங்கள்.

இனி வாங்கும்போது ஒரு விஷயம். நம் மலைக்கிழங்கு செம்மண் அப்பி வருவதைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு, அந்த மண் வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்கிறது, அப்படியே வைத்து சமைக்கும்போது கழுவுங்கள். கழுவிப் பளபளவென்று அடுக்கி, இரவு பகலாக விளக்கு எரியும் கடையில் கிடக்கும் கிழங்கு சில நாளிலேயே பச்சை ஏற ஆரம்பிக்கும். காட்டிலிருந்தே பச்சையோடு வருவதும் உண்டு. சரிவு நிலம், ஜூன் ஜூலை மழையில் பாத்தி மண் கரைந்து ஓடிவிடும், இரண்டாவது தடவை மண் அணைக்காமல் விட்டால் கிழங்கின் தோள் மட்டும் வெளியே தெரிந்து அந்தப் பக்கம் பச்சையாகிவிடும். ஒரு பக்கம் மட்டும் தொப்பி போட்டமாதிரி பச்சை இருந்தால் அது பெரும்பாலும் காட்டுப் பச்சை. தரம் பிரிக்கும்போது தனியே எடுக்க வேண்டியது, அவசரத்தில் மூட்டைக்குள் போய்விடும். வீட்டில் சாக்கிலோ அட்டைப்பெட்டியிலோ போட்டு, காற்று வரும் இருட்டான மூலையில் வையுங்கள், பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் வியர்த்து அழுகும். மலைக் குளிர் இதற்கு நல்லது, ஃப்ரிட்ஜ் தேவையில்லை, அதில் வைத்தால் மாவு சர்க்கரையாக மாறி வறுக்கும்போது கறுத்துப்போகும்.

கழித்துப் போடுவதை மாட்டுக்குப் போடலாம் என்று தோன்றும், வேண்டாம், முளையும் பச்சையும் மாட்டுக்கும் ஆகாது. கொல்லையில் கொஞ்சம் இடம் இருந்தால் உங்கள் மூட்டையில் கெட்டியாக இருப்பதை எல்லாம் அங்கே நட்டுவிடுங்கள், விதைக்கென்று தயார் செய்ததுதானே. மருந்து வைத்ததாக இருந்தால் கையுறை போட்டு நடுங்கள், குழந்தையைப் பக்கத்தில் விட வேண்டாம். முளை மேலே பார்க்க, ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்து, செடி வளர வளர இரண்டு தடவை மண் அணையுங்கள்.